ஏன் 384 மாணவர்கள்?

கல்வியியலில் எம்.எட். அல்லது முனைவர் பட்ட ஆய்வுக்காக எழுதப்படும் முன்மொழிவுகளைப் புரட்டினால், ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரி அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வரும். "கிரெஜ்சி, மார்கன் அட்டவணையின்படி மாதிரியின் அளவு 384 என முடிவு செய்யப்பட்டது, மாணவர்கள் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்." அதற்கு மேல் எதுவும் இருக்காது. எந்தப் பள்ளிகள், ஏன் அவை, வகுப்பில் யாரை எடுத்தார்கள், அந்தப் பெயர்களை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரு வரியே பதிலாக நிற்கும். ஆய்வுக் குழுவில் ஒருவர் "ஏன் 384? 200 போதாதா?" என்று கேட்டால் மாணவரிடம் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினமில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். ஆனால் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் நிபந்தனையை விட்டுவிட்டால், எத்தனை நூறு படிவங்களை நிரப்பினாலும் ஆய்வு நிற்காது.

முதலில் எண்ணின் பிறப்பைப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் எத்தனை சதவீத மாணவர்கள் டியூஷனுக்குப் போகிறார்கள் என்று தெரிய வேண்டும். எல்லோரையும் கேட்க முடியாது. சிலரைக் கேட்டு மதிப்பிடுகிறோம். அந்த மதிப்பீடு உண்மையிலிருந்து 5 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விலகக் கூடாது. 100 முறை இப்படி மாதிரி எடுத்தால் ஏறக்குறைய 95 முறையாவது அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். இந்த இரண்டும் நாம் வைக்கும் கோரிக்கைகள். விடை எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாததால், அதிக மாதிரி தேவைப்படும் நிலையான பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்கிறோம். அப்போது கணக்கு இப்படி வரும்:

```
n = 1.96² × 0.5 × 0.5 / 0.05² = 384
```

இதில் 1.96 என்பது 95 சதவீத உறுதிக்கான எண். 0.05 என்பது நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் வெளியிட்டது இதே கணக்கைத்தான். சிறிய தொகுதிகளுக்கு எண்ணைச் சற்றுக் குறைத்து, பார்த்தவுடன் எடுத்துக்கொள்ள வசதியாக ஓர் அட்டவணையாகப் போட்டார்கள். 5 சதவீதப் பிழையும் பாதிக்குப் பாதியும் அந்த அட்டவணைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. 7 சதவீதப் பிழை எனக்குப் போதும் என்று ஒருவர் முடிவு செய்தால் 196 பேர் போதும். ஆகவே "ஏன் 384?" என்பதற்கு முதல் பாதி பதில் "அட்டவணை சொல்கிறது" என்பதல்ல. "என் கேள்விக்கு இவ்வளவு துல்லியம் தேவை, அதனால்" என்பதே.

இதே இடத்தில் இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடலாம். மொத்தத்தில் 10 சதவீதம் எடுத்தால் போதும் என்று பல நெறியாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். 4,800 மாணவர்கள் உள்ள தொகுதிக்கு அந்த அட்டவணைக் கணக்கில் 356 பேர் வேண்டும். 48,000 பேர் உள்ள தொகுதிக்கு 381 பேர். தொகுதி பத்து மடங்கு பெரிதானபோது தேவைப்படும் மாதிரி 25 பேர்தான் கூடுகிறது. பத்து சதவீத விதிப்படி போனால் ஒன்றுக்கு 480, மற்றதற்கு 4,800 பேர். அந்த விதிக்குக் கணக்கில் எந்த ஆதாரமும் இல்லை. முன்மொழிவில் அதை எழுதாமல் இருப்பதே நல்லது.

இப்போது நிபந்தனைக்கு வருவோம். 384க்கும் 356க்கும் பின்னால் இருப்பது ஒரே ஒரு தேர்வு முறை: தொகுதியில் உள்ள அத்தனை மாணவர்களின் பெயர்களையும் ஒரே பட்டியலில் போட்டு, அதிலிருந்து குலுக்கி எடுப்பது. ஒரு பெயர் வந்ததற்கும் அடுத்த பெயர் வருவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. கல்வி ஆய்வில் யாரும் அப்படி எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. 356 மாணவர்கள் 60 பள்ளிகளில் சிதறிக் கிடப்பார்கள். நாம் சில பள்ளிகளுக்குப் போகிறோம். போன இடத்தில் ஒரு வகுப்பையே உட்கார வைத்துப் படிவம் கொடுக்கிறோம். அட்டவணை ஒரு முறைக்கு எழுதப்பட்டது, களத்தில் நடப்பது வேறு முறை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கற்பனைக் கணக்காகவே இதைப் பார்க்கலாம். ஒரு கல்வி மாவட்டத்தில் 60 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் மொத்தம் 4,800 மாணவர்கள். ஆய்வு மாணவி ஒருவர், அவர்களில் எத்தனை பேர் டியூஷனுக்குப் போகிறார்கள் என்று அறிய விரும்புகிறார். அட்டவணை 356 என்கிறது. 360 என்று வைத்துக்கொண்டு, வேலை எளிதாக இருக்கட்டும் என்று 9 பள்ளிகளில் தலா 40 மாணவர்கள் எனத் திட்டமிடுகிறார். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. முன்மொழிவும் பார்வைக்கு அழகாக இருக்கிறது.

ஆனால் டியூஷன் எப்படிப் பரவியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒரு டியூஷன் மாஸ்டர் இருந்தால் அந்தப் பள்ளியில் பாதி வகுப்பு அவரிடம் போகும். இல்லாத ஊரில் ஒருவரும் போகமாட்டார்கள். ஆகவே ஒரு பள்ளியில் முதல் பத்துப் பேரைக் கேட்டதுமே அந்தப் பள்ளியின் நிலவரம் ஏறக்குறைய தெரிந்துவிடுகிறது. மீதி முப்பது பேர் பெரும்பாலும் அதையேதான் திருப்பிச் சொல்வார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரே பானைக்குத்தான் பொருந்தும். இங்கே இருப்பவை 60 பானைகள். ஒன்பதைத் திறந்து ஒவ்வொன்றிலும் நாற்பது பருக்கை நசுக்கிப் பார்த்தால், திறக்காத பானைகளைப் பற்றி அதிகம் தெரிந்துவிடாது.

ஒரே பள்ளியின் மாணவர்கள் ஒருவரை ஒருவர் எந்த அளவு ஒத்திருக்கிறார்கள் என்பதை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் குறிப்பார்கள். 0 என்றால் பள்ளிக்கும் விடைக்கும் தொடர்பே இல்லை. 1 என்றால் ஒரு பள்ளியில் எல்லோருக்கும் ஒரே விடை. தேர்வு மதிப்பெண்களில் இந்த எண் பெரிதாக வரும். அமெரிக்கப் பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து ஹெட்ஜஸும் ஹெட்பெர்கும் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் சராசரி 0.2ஐ ஒட்டி வந்தது. நம் மாணவி டியூஷன் விஷயத்துக்கு 0.1 என்று எடுத்துக்கொள்கிறார் என்போம்.

மாதிரியெடுப்பில் பெரிய பெயரான லெஸ்லி கிஷ் 1965இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிய எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு பள்ளியில் எடுக்கும் மாணவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அந்த ஒற்றுமை எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்.

```
1 + (40 − 1) × 0.1 = 4.9
360 / 4.9 = 73
```

அதாவது 9 பள்ளிகளில் திரட்டிய 360 படிவங்கள், பட்டியலில் குலுக்கி எடுத்த 73 பேரிடம் திரட்டிய படிவங்களுக்குச் சமம். பிழை 5 சதவீதம் என்று முன்மொழிவு சொல்லும். உண்மையில் அது 11 சதவீதம். 40 சதவீதம் பேர் டியூஷன் போகிறார்கள் என்று ஆய்வு முடிவு சொன்னால், உண்மை 29ஆகவும் இருக்கலாம், 51ஆகவும் இருக்கலாம். இதைத் தெரியாமல் 5 சதவீதம் என்று எழுதுவது தவறான தகவல்.

இதற்கு மருந்து, மாணவர்களைக் கூட்டுவதல்ல; பள்ளிகளைக் கூட்டுவது. அதே 360 பேரை 18 பள்ளிகளில் 20 பேராகப் பிரித்தால் பிழை ஏறக்குறைய 9 சதவீதமாகிறது. 30 பள்ளிகளில் 12 பேராகப் பிரித்தால் ஏழரை சதவீதம். ஒரு படிவம்கூடக் கூடவில்லை. பேருந்துச் செலவும் நாட்களும்தான் கூடின. மொத்தப் பள்ளிகளில் பாதியையே எடுத்துவிடுவதால் உண்மைப் பிழை இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனால் முன்மொழிவில் கூடுதலான எண்ணை எழுதுவதே பாதுகாப்பு.

நாடு தழுவிய கணக்கெடுப்புகளும் இந்த வழியில்தான் போகின்றன. பிரதம் அமைப்பின் முன்முயற்சியில் நடக்கும் அசர் கிராமப்புறக் கல்விக் கணக்கெடுப்பு, ஒரு மாவட்டத்தில் 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள் என்று 600 வீடுகளை எடுக்கிறது. 6 கிராமங்களில் 100 வீடுகள் எடுத்தாலும் அதே 600தான். களப்பணியும் பல மடங்கு சுலபம். அப்படிச் செய்யாததற்குக் காரணம் மேலே பார்த்ததுதான். முன்மொழிவில் மேற்கோள் காட்ட ஓர் உதாரணம் வேண்டுமென்றால், 1970ஆம் ஆண்டின் அட்டவணையைவிட இது நமக்கு நெருக்கமானது.

பிழை 5 சதவீதத்துக்குள்தான் வேண்டும் என்று நெறியாளர் வற்புறுத்தினால் என்ன செய்வது? 60 பள்ளிகளுக்கும் போய், ஒவ்வொன்றிலும் அதன் அளவுக்கு ஏற்ப, சராசரியாக 6 பேரை எடுக்கலாம். எந்தப் பள்ளியும் விடுபடாததால் பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாடு பிழையைக் கூட்டாது. 356 என்ற எண் அப்போது முழு நியாயம் பெறும். இது அடுக்கு முறை. தனி ஒருவர் 60 பள்ளிகளில் அனுமதி வாங்கி, பயணம் செய்து முடிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. முடியாதென்றால் ஏழரை சதவீதத்தை ஒப்புக்கொண்டு எழுதுவதில் குறைவொன்றும் இல்லை.

நம் மாணவி 30 பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறார். எந்த முப்பது? பள்ளிகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கலாம். ஆனால் 40 பேர் படிக்கும் பள்ளிக்கும் 150 பேர் படிக்கும் பள்ளிக்கும் ஒரே வாய்ப்பு கொடுத்து, இரண்டிலும் சம எண்ணிக்கையில் மாணவர்களை எடுத்தால், சிறிய பள்ளி மாணவரின் குரலுக்குக் கூடுதல் எடை கிடைத்துவிடும். அதனால் பள்ளியின் அளவுக்கு ஏற்ப வாய்ப்பு தரும் முறையைப் பயன்படுத்துகிறார். முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து 60 பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையை வாங்கிக்கொள்கிறார். பட்டியலை வரிசையாக எழுதி, பக்கத்தில் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வருகிறார். முதல் பள்ளியில் 52 பேர், கூட்டுத்தொகை 52. இரண்டாவதில் 110, கூட்டுத்தொகை 162. மூன்றாவதில் 38, கூட்டுத்தொகை 200. நான்காவதில் 95; கூட்டுத்தொகை 295. இப்படியே 4,800 வரை போகும்.

4,800ஐ 30ஆல் வகுத்தால் 160. 1 முதல் 160க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்க வேண்டும். எக்செல் விரிதாளில் `=RANDBETWEEN(1,160)` என்று தட்டினாலும் வரும். 73 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 73ஆவது மாணவர் இரண்டாவது பள்ளியில் இருக்கிறார். ஆகவே அந்தப் பள்ளி தேர்வாகிறது. 73உடன் 160ஐக் கூட்டினால் 233. அது நான்காவது பள்ளியில் விழுகிறது. அடுத்தது 393, பிறகு 553 என்று 4,713 வரை போனால் முப்பது இடங்கள் கிடைத்துவிடும். 160 பேருக்கு மேல் படிக்கும் பள்ளி இருந்தால் அது கட்டாயம் வரும். இரண்டு முறை வந்தால் அங்கே இரண்டு மடங்கு மாணவர்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கு 12 பேரின் விடை வேண்டும். சிலர் அன்று வராமல் இருக்கலாம், சிலர் சம்மதிக்காமல் இருக்கலாம். அதனால் 14 பெயர்களை எடுக்கிறார். இந்த முறையின் அழகு இங்கேதான் தெரியும். 95 பேர் உள்ள பள்ளி தேர்வாகும் வாய்ப்பு 160இல் 95. அங்கே ஒரு மாணவர் தேர்வாகும் வாய்ப்பு 95இல் 14. இரண்டையும் பெருக்கினால் 160இல் 14. நாற்பது பேர் உள்ள பள்ளிக்கும் இதே கணக்குப் போட்டால் அதே 160இல் 14தான் வரும். பள்ளி பெரிதோ சிறிதோ, மாவட்டத்தின் ஒவ்வொரு ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கும் சம வாய்ப்பு. இந்த நாலு வரியை முன்மொழிவில் எழுதிவிட்டால், தேர்வு முறை பற்றி யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அது கெட்டுப்போகும் இடம் பள்ளி வாசலுக்கு உள்ளே இருக்கிறது. அனுமதிக் கடிதத்தோடு போய் நின்றால் தலைமையாசிரியர் அன்போடு சொல்வார்: "பதினாலு பேர்தானேம்மா? நல்லா பேசுற பிள்ளைங்களாப் பார்த்து அனுப்பி வைக்கிறேன்." அவர் உதவிதான் செய்கிறார். ஆனால் அந்தப் பதினான்கு பேரும் முதல் வரிசைப் பிள்ளைகளாக இருப்பார்கள். டியூஷன் போகிறவர்கள் அவர்களில் அதிகம் இருக்கக்கூடும். அந்த நொடியில் இத்தனை கணக்கும் வீணாகிவிடும். "சார், வருகைப் பதிவேட்டைப் பார்த்து நானே பேரை எடுத்துக்கிறேன். யார் யாருன்னு எனக்கே முன்னாடி தெரியக் கூடாதுன்னு முறை இருக்கு" என்று பணிவாகச் சொல்லிவிட்டால், பொதுவாக மறுக்கமாட்டார்கள். ஏ பிரிவு, பி பிரிவு இரண்டின் பதிவேடுகளையும் சேர்த்து வரிசை எண் போட்டு, குலுக்கிய 14 எண்களுக்கு உரிய பெயர்களை எடுக்க வேண்டும். அன்று வராதவரின் பெயர் வந்தாலும் அது பெயர்தான். பக்கத்து எண்காரரைப் பிடித்துப் போடக் கூடாது. அடிக்கடி விடுப்பு எடுக்கும் மாணவர் வேறு மாதிரியானவர். அவரை விட்டுவிட்டால் அந்த வகை மாணவர்களே ஆய்வில் இல்லாமல் போவார்கள். இன்னொரு நாள் ஒரு முறை போய்ப் பார்க்கலாம். அப்போதும் கிடைக்காவிட்டால் விடுபட்டவர் என்று கணக்கில் காட்ட வேண்டும்.

மாதிரி எங்காவது சாய்ந்துவிட்டதா என்று பின்னால் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. தேர்வான மாணவர்களில் பெண்கள் எத்தனை சதவீதம், காலாண்டுத் தேர்வில் அவர்களின் சராசரி மதிப்பெண் என்ன என்பதை அந்தப் பள்ளிகளின் முழு ஒன்பதாம் வகுப்போடு ஒப்பிட வேண்டும். வகுப்புச் சராசரி 48ஆக இருக்க, மாதிரியின் சராசரி 63ஆக இருந்தால், யாரோ பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஒப்பீட்டைச் செய்வேன் என்று முன்மொழிவிலேயே எழுதுவது நல்லது.

நம் ஊர் ஆய்வேடுகளில் இன்னொரு பழக்கம், நோக்கங்களின் பட்டியலில் ஆண்-பெண், நகரம்-கிராமம், தமிழ்வழி-ஆங்கிலவழி என்று எல்லா ஒப்பீடுகளையும் சேர்த்துவிடுவது. ஒப்பீடு வந்துவிட்டால் மொத்த எண்ணிக்கை உதவாது. ஒப்பிடும் பிரிவுகளில் சிறியது எவ்வளவு என்பதே முக்கியம். இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே நடுத்தர வேறுபாடு இருந்தால், ஐந்தில் நான்கு முறையாவது அதைக் கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும் என்பது ஜேக்கப் கோஹன் வழிவந்த வழக்கமான கணக்கு. வேறுபாடு சிறியதென்றால் குழுவுக்கு 390 பேருக்கு மேல் தேவை. அதுவும் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தவர்களுக்கு. பள்ளி வழியாகப் போகும்போது இன்னும் கூடும். ஆங்கிலவழி மாணவர்கள் மாதிரியில் 35 பேர்தான் வருவார்கள் என்று தெரிந்தால், அந்த ஒப்பீட்டை நோக்கங்களிலிருந்து எடுத்துவிடுவதே சரி. அங்கே "வேறுபாடு இல்லை" என்று முடிவு வந்தால், வேறுபாடு இல்லையா, அதைப் பார்க்க ஆள் போதவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

அனுமதி கிடைக்காமல், தெரிந்த நாலு பள்ளிகளில்தான் வேலை நடக்கும் என்ற நிலை பலருக்கு வருகிறது. அதில் தவறில்லை. அதை எளிதில் கிடைத்த மாதிரி என்று அப்படியே எழுதலாம். கருவியைச் சோதிக்கவும், புதிய கேள்விகளை எழுப்பவும் அது போதும். ஆனால் அந்த மாதிரிக்குப் பிழை எல்லை எழுதக் கூடாது, மாவட்டத்தைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது, அட்டவணையை மேற்கோள் காட்டவும் கூடாது.

நம் மாணவியின் முன்மொழிவில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக வரவேண்டிய பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இந்தக் கல்வி மாவட்டத்தின் 60 அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு பயிலும் 4,800 மாணவர்கள் ஆய்வுத் தொகுதி. டியூஷன் செல்வோரின் சதவீதத்தை 95 சதவீத உறுதியுடன், 7.5 சதவீதப் பிழைக்குள் மதிப்பிடுவது நோக்கம். பள்ளி அளவுக்கு ஏற்ற வாய்ப்பு முறையில் 30 பள்ளிகளும், ஒவ்வொன்றிலும் வருகைப் பதிவேட்டிலிருந்து சமவாய்ப்பில் 14 மாணவர்களும் தேர்ந்தெடுக்கப்படுவர்; குறைந்தது 360 பேரின் விடைகள் எதிர்பார்க்கப்படுகின்றன. ஒரே பள்ளி மாணவர்களிடையிலான ஒற்றுமை எண் 0.1 எனக் கொள்ளப்பட்டுள்ளது. தரவு திரட்டியபின் உண்மையான மதிப்பு கணக்கிடப்பட்டு, பிழை எல்லை அதன்படி திருத்தி எழுதப்படும். 30 பள்ளிகள் என்பது ஒரு பருவத்தில் தனி ஆய்வாளர் சென்றுவரக்கூடிய எண்ணிக்கை."

கடைசி வாக்கியத்தை எழுதப் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். நேரமும் பணமும் ஆய்வின் அளவைத் தீர்மானிக்கும் என்பது குழுவில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த அளவில் எவ்வளவு துல்லியம் கிடைக்கும் என்று நீங்கள் கணக்கிட்டுச் சொல்கிறீர்களா என்பதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும். பள்ளிகளின் பட்டியல், கூட்டுத்தொகை, குலுக்கலில் வந்த அந்த 73 ஆகியவற்றைப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். சந்தேகம் இருப்பவர் யாரும் அதே பட்டியலை வைத்து அதே 30 பள்ளிகளை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.